ஷார்ஜா கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் பேப்பரும் சட்டப்படி வர வேண்டிய கிராஜுவிட்டியும்: ஒரு கேஸ் முழுசா

ஊருக்குத் திரும்பறவங்களுக்குக் கம்பெனி கடைசியா ஒரு பேப்பர் நீட்டும், அதுல ஒரு தொகை போட்டிருக்கும், கீழ கையெழுத்துப் போடற இடம் இருக்கும். பாதிப் பேரு அந்தத் தொகை எப்படி வந்துச்சுன்னே கேக்காம கையெழுத்துப் போட்டுட்டு ஃப்ளைட் ஏறிடறாங்க. நான் ஷார்ஜாவுல ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனி அக்கவுன்ட்ஸ்ல இருந்தவன், இந்தப் பேப்பர் எப்படித் தயாராகுதுன்னு உள்ள இருந்து பாத்திருக்கேன். அதனால தெரிஞ்சவங்க யாரு ஊருக்குக் கிளம்பினாலும் அந்தப் பேப்பரை எனக்கு வாட்ஸ்அப்ல போடச் சொல்லுவேன். அப்படி வந்த ஒன்னைத்தான் இங்க முழுசா எழுதறேன். பேரை மாத்தியிருக்கேன், கம்பெனி பேரு வேண்டாம். நான் வேலை பாத்த கம்பெனி இது இல்ல.

முருகன் அண்ணன் தென்காசி பக்கம். ஏசி டக்ட் மேன், வேற கம்பெனி. 2017 மார்ச் 1ஆம் தேதி சேர்ந்தாரு, 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதியோட கான்ட்ராக்ட் முடிஞ்சது. புதுப்பிக்க வேண்டாம், ஊருக்குப் போறேன்னு ஒரு மாசம் முன்னாடியே எழுத்துல கொடுத்துட்டாரு. மொத்தம் ஏழரை வருசம். கடைசிச் சம்பளம் 1,900 திர்ஹாம், அதுல பேசிக் 1,200, மீதி 700 அலவன்ஸ்.

கிராஜுவிட்டி, அதாவது வேலை பாத்த வருசத்துக்கு ஏத்தபடி வேலையை விடும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய காசு, அது எவ்வளவு வரும்னு அவர் மனசுல ஒரு கணக்கு இருந்துச்சு. "தம்பி, வருசத்துக்கு ஒரு மாசச் சம்பளம்னுல்லா கேம்ப்ல எல்லாவனும் சொல்லுதான், அப்ப பதினாலாயிரத்துக்கு மேல வரணும்லா"ன்னாரு. கம்பெனி பேப்பர்ல கிராஜுவிட்டின்னு 3,400தான் இருந்துச்சு, அதோட ஆகஸ்ட் மாசச் சம்பளம் 1,900 சேத்து மொத்தம் 5,300. ரெண்டுமே தப்பு. முதல்ல அவரோட கணக்கு ஏன் தப்புன்னு சொல்லிடறேன், ஏன்னா தப்பான தொகையைக் கேட்டுப் போனா நம்ம பக்கம் இருக்கற நியாயமும் சேந்து அடிபட்டுப் போயிடும்.

எமிரேட்ஸ்ல இப்ப நடப்புல இருக்கறது 2021ஆம் வருசத்து 33ஆம் நம்பர் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2ல இருந்து அமலுக்கு வந்தது. இதுப்படி ஒரு வருசம் முழுசா முடிச்ச வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதல் அஞ்சு வருசத்துக்கு வருசம் ஒன்னுக்கு 21 நாள் சம்பளம், அஞ்சு வருசத்துக்கு மேல வர்ற ஒவ்வொரு வருசத்துக்கும் 30 நாள் சம்பளம். ஒரு வருசம் தாண்டிட்டா மீதி இருக்கற மாசத்துக்கும் அந்த விகிதத்துல உண்டு. சம்பளம்னு இங்க சொல்றது பேசிக் மட்டும்தான், ரூம் அலவன்ஸ், ஃபுட் அலவன்ஸ், ஓவர்டைம் எதுவும் சேராது. அதனாலதான் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடும்போதே பேசிக்கைப் பாக்கணும். மொத்தச் சம்பளம் ஒன்னா இருந்தாலும் பேசிக் 700ன்னு போட்டிருக்கறவனுக்கும் 1,200ன்னு போட்டிருக்கறவனுக்கும் கடைசில கையில வர்றது ஏகத்துக்கு வித்தியாசம். "வருசத்துக்கு ஒரு மாசம்" பேச்சு, அஞ்சு வருசத்துக்கு மேல உள்ள கணக்கை எல்லா வருசத்துக்கும் போட்டுக்கறதால வர்றது.

இன்னொரு குழப்பம் சவுதில இருந்து வருது. அங்க கணக்கே வேற. முதல் அஞ்சு வருசத்துக்கு வருசத்துக்கு அரை மாசம், அதுக்கு மேல ஒரு மாசம், அதுவும் அலவன்ஸ் சேர்ந்த சம்பளத்துல. ஆனா அங்க நாமளா ராஜினாமா பண்ணா ரெண்டுல இருந்து அஞ்சு வருசம் வரைக்கும் மூணுல ஒரு பங்குதான், அஞ்சுல இருந்து பத்து வருசம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்குதான் கிடைக்கும். எமிரேட்ஸ்ல பழைய 1980 சட்டத்துல இதே மாதிரி ராஜினாமாவுக்கு வெட்டு இருந்துச்சு, புதுச் சட்டத்துல அதை எடுத்துட்டாங்க. இது தெரியாம "நீயா போறே, அதனால பாதிதான்"னு இன்னமும் சொல்ற சூப்பர்வைசர்கள் இருக்காங்க, அதை நம்பாதீங்க.

இப்ப கம்பெனி பேப்பருக்கு வர்றேன். அண்ணன் அனுப்பின போட்டோல மொத்தமா ஒரு தொகைதான் தெரிஞ்சது, எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு இல்ல. கணக்கு விவரம் தனியா வேணும்னு ஆபீஸ்ல கேளுங்கன்னு சொன்னேன், ரெண்டு மூணு தடவை நடக்க விட்டுட்டுக் கொடுத்தாங்க. அந்த விவரம் கையில இல்லாம எதையும் எதிர்த்துப் பேச முடியாது, அதனால எவ்வளவு நடக்க விட்டாலும் அதை வாங்கிடணும்.

அதுல முதல் தப்பு பேசிக்ல. 2017ல சேரும்போது அவருக்குப் பேசிக் 800. அதுக்கப்புறம் ஏறி ஏறி 1,200 ஆச்சு. கம்பெனி என்ன பண்ணிருக்குன்னா முதல் அஞ்சு வருசத்துக்குப் பழைய 800ஐ வச்சுக் கணக்குப் போட்டுட்டு மீதி காலத்துக்கு மட்டும் 1,200ஐ எடுத்திருக்கு. பாக்கறதுக்கு நியாயம் மாதிரியே இருக்கும், "அப்ப அந்தச் சம்பளம்தானே வாங்கினே"ன்னு கேட்டா நம்மாளுக்குப் பதில் வராது. ஆனா சட்டம் சொல்றது கடைசியா வாங்கின பேசிக். மொத்த சர்வீஸுக்கும் அந்த ஒரே பேசிக்தான். அஞ்சு வருசத்துக்கு 800 வச்சா 2,800 வரும், 1,200 வச்சா 4,200 வரும், இந்த ஒரு இடத்துலயே 1,400 திர்ஹாம் போயிடுச்சு.

ரெண்டாவது நாள் கணக்கு. சம்பளம் இல்லாத லீவு நாளை சர்வீஸ்ல இருந்து கழிக்கலாம்னு சட்டமே சொல்லுது. இதை வச்சுக்கிட்டு கம்பெனி அவர் ஊருக்குப் போன நாள் அத்தனையும் கழிச்சிருந்தது. 2019, 2021, 2023னு மூணு தடவை ரெண்டு ரெண்டு மாசம் போயிட்டு வந்திருக்காரு, ஆக ஆறு மாசம். ஆனா அது வருசத்துக்கு 30 நாள்னு அவர் சம்பாதிச்ச சம்பளத்தோட கூடிய லீவு, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை சேத்து எடுத்தது. சம்பளம் கொடுத்த லீவைக் கழிக்கவே கூடாது. அதுக்கு என்ன ஆதாரம்னா, சம்பளம் பேங்க் வழியா வர்றதால லீவு சேலரி ஏறினது ஸ்டேட்மென்ட்ல இருக்கும். அண்ணன்கிட்ட 2021, 2023 லீவுக்கு பேங்க் எஸ்எம்எஸ் அழிக்காம இருந்துச்சு, 2019க்கு மட்டும் பேங்க்ல போய் ஸ்டேட்மென்ட் எடுத்தாரு.

இதோட 2020ல கொரோனா டைம்ல மூணு மாசம் வேலை இல்லாம கேம்ப்ல உக்காந்திருந்ததையும் கழிச்சிருந்தாங்க. இதை அண்ணன் ஒத்துக்கவே இல்ல, "நானா லீவு கேட்டேன், அவன்லா சைட்டை மூடினான்"னாரு. மனுசனாப் பாத்தா அவர் சொல்றது சரி. ஆனா 2020ல தொழிலாளர் அமைச்சகம் 279ஆம் நம்பர் உத்தரவுன்னு ஒன்னு போட்டு, தொழிலாளி சம்மதிச்சா சம்பளம் இல்லாத லீவுல வைக்கலாம், சம்பளத்தைத் தற்காலிகமாக் குறைக்கலாம்னு கம்பெனிகளுக்கு வழி விட்டுச்சு. அப்ப கேம்ப் கேம்ப்பா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, இவரும் போட்டிருக்காரு. கையெழுத்து இருக்கற வரைக்கும் இந்த மூணு மாசம் போனதுதான். கையெழுத்தே இல்லாம கம்பெனியே சும்மா உக்கார வச்சிருந்தா அதை எதிர்த்துக் கேக்கலாம்.

ஆக சர்வீஸ் ஏழரை வருசத்துல இருந்து மூணு மாசம் போக ஏழே கால் வருசம். கணக்கு இப்படி வருது:

```
ஒரு நாள் பேசிக்   = 1200 / 30        = 40
முதல் 5 வருசம்    = 5 x 21 x 40      = 4200
அடுத்த 2.25 வருசம் = 2.25 x 30 x 40   = 2700
கிராஜுவிட்டி                         = 6900 திர்ஹாம்
```

கம்பெனி போட்டது 2,800ம், ஒன்னே முக்கால் வருசத்துக்கு 2,100ம் சேத்து 4,900. அதுல இருந்தும் 1,500ஐ "விசா ரினியூவல் சார்ஜ்"னு கழிச்சுதான் 3,400 ஆக்கியிருந்தாங்க. வேலைக்கு எடுக்கற செலவு, விசா செலவு எதையும் தொழிலாளி தலையில கட்டக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது, நேரடியாவும் வாங்கக் கூடாது, மறைமுகமாவும் வாங்கக் கூடாது. கிராஜுவிட்டில இருந்து கழிக்கணும்னா அது சட்டப்படியோ கோர்ட் தீர்ப்புப்படியோ வர்ற பாக்கியா இருக்கணும், ஆபீஸ்ல நினைச்சதை எல்லாம் கழிக்க முடியாது. அட்வான்ஸ் சம்பளம் வாங்கிட்டுத் திருப்பிக் கொடுக்காம இருந்தா அது வேற விசயம், அது நம்ம கடன்.

அப்புறம் பேப்பர்லயே இல்லாத ஒரு காசு. 2023 மார்ச், ஏப்ரல்ல போன லீவு அதுக்கு முன்னாடி வரைக்கும் சேர்ந்தது. அந்த மார்ச்ல இருந்து 2024 ஆகஸ்ட் வரைக்கும் 18 மாசத்துக்கு, மாசம் ரெண்டரை நாள் வீதம் 45 நாள் லீவு எடுக்காமலே நிக்குது. வேலையை விட்டுப் போகும்போது எடுக்காத லீவுக்கு பேசிக் கணக்குல காசு கொடுத்தாகணும், 45 நாளுக்கு 1,800 திர்ஹாம். நான் பாத்த வரைக்கும் ரொம்பப் பேரு விடறது இந்தக் காசைத்தான், கிராஜுவிட்டி வந்துச்சா வந்துச்சான்னு அதையே பாத்துக்கிட்டு இதை மறந்துடறாங்க.

கிராஜுவிட்டி 6,900, லீவு 1,800, ஆகஸ்ட் சம்பளம் 1,900, மொத்தம் 10,600. கம்பெனி கொடுக்க வந்தது 5,300, சரியாப் பாதி. விட்டுப் போன மீதிப் பாதி அன்னைய ரேட்டுக்கு ஊர்க் காசுல 1 லட்சத்து 20 ஆயிரம் கிட்டத்தட்ட. இதுக்கு மேல ஊருக்கு வர்ற டிக்கெட், வேற கம்பெனிக்கு மாறாம ஊருக்குப் போறவங்களுக்குக் கம்பெனிதான் போடணும், வேலை போனதுக்கு நாம காரணம்னா மட்டும்தான் நம்ம செலவு.

இனி கையெழுத்து. லேபர் கார்டு கேன்சல் பண்ற பேப்பர்ல எனக்கு வர வேண்டியது எல்லாம் வாங்கிட்டேன்னு ஒரு வரி அரபியிலயும் இங்கிலீஷ்லயும் இருக்கும். கம்பெனிக்காக விசா, லேபர் ஆபீஸ் பேப்பர் வேலை பாக்கற பிஆர்ஓ வந்து "கேன்சல் ஆனாத்தான் அக்கவுன்ட்ல இருந்து காசு விடுவாங்க, சும்மா போடு"ன்னு அவசரப்படுத்துவாரு. அந்த ஒரு கையெழுத்து விழுந்துட்டா அப்புறம் நாம வாங்கலன்னு சொல்றதை நாமதான் நிரூபிக்கணும், விசாவும் கேன்சல் ஆகி நாள் ஓட ஆரம்பிச்சிடும், கிரேஸ் டைம் தாண்டினா நாளுக்கு 50 திர்ஹாம் ஃபைன். கம்பெனிக்கு இது நல்லாத் தெரியும். அதனால காசு பேங்க்ல ஏறின பிறகு, இல்ல செக் பாஸான பிறகு கையெழுத்து. அண்ணன் கிட்ட நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அவரும் "அக்கவுன்ட்ல ஏறட்டும் சார், அன்னைக்கே போட்டுத் தாரேன்"னு ஒரே பேச்சுல நின்னுட்டாரு. சண்டை போடல, சத்தம் போடல. கடைசி நாள் வரைக்கும் ஒழுங்கா டியூட்டிக்குப் போனாரு, அதுவும் முக்கியம், ஏன்னா கோவத்துல தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல சொல்லாம வேலைக்குப் போகாம இருந்தா ஓடிப் போயிட்டான்னு ரிப்போர்ட் போட்டுருவாங்க, அதை நீக்கறதே பெரிய பாடு.

வேலை முடிஞ்ச நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள எல்லாப் பாக்கியும் கொடுத்துடணும், இது சட்டத்துல இருக்கற கெடு. செப்டம்பர் 14 வரைக்கும் பொறுத்தோம், வரல. மறுநாள் லேபர்ல கம்ப்ளைன்ட். அமைச்சகத்தோட `MOHRE` ஆப்லயே போடலாம், 80084க்கு ஃபோன் பண்ணியும் கொடுக்கலாம், காசு கிடையாது. ஆப்லயே நம்ம லேபர் கான்ட்ராக்ட் இருக்கும், அதை டவுன்லோட் பண்ணி வச்சுக்கணும். கம்பெனி கையில வேற ஒரு கான்ட்ராக்ட் காப்பி வச்சிருந்தாலும் அமைச்சகத்துல பதிவான கான்ட்ராக்ட்ல என்ன பேசிக் இருக்கோ அதுதான் எடுபடும். கம்ப்ளைன்ட்ல கதை எழுத வேண்டாம்னு சொன்னேன். சேர்ந்த தேதி, முடிஞ்ச தேதி, கடைசி பேசிக், கிராஜுவிட்டி இவ்வளவு, லீவு இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, டிக்கெட், அவ்வளவுதான். பதினாலாயிரம்னு அவர் முதல்ல நினைச்சதைப் போட்டிருந்தா கம்பெனி "இவனுக்குச் சட்டமே தெரியல"ன்னு அதையே பிடிச்சுத் தொங்கியிருக்கும்.

கம்ப்ளைன்ட் விழுந்ததும் அமைச்சகத்துல இருந்து ஒரு அதிகாரி ரெண்டு பக்கமும் ஃபோன்ல பேசுவாரு, 14 நாளுக்குள்ள சமரசம் பண்ணப் பாப்பாங்க. மொழி பிரச்சினை வரும்னு அண்ணன் பயந்தாரு, இந்தி கொஞ்சம் தெரிஞ்சதால சமாளிச்சுட்டாரு. கம்பெனி பிஆர்ஓ முதல்ல லீவு நாளைக் கழிச்சது சரின்னு நின்னாரு, பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பினதும் அந்தப் பேச்சு நின்னு போச்சு. பழைய பேசிக் விசயத்துல அதிகாரி கேட்ட ஒரே கேள்வி, கடைசி கான்ட்ராக்ட்ல பேசிக் எவ்வளவுன்னு. கொரோனா மூணு மாசத்துக்கு அவர் கையெழுத்துப் போட்ட பேப்பரைக் கம்பெனி எடுத்து வச்சுது, நம்ம கணக்குலயே அது போயிருந்ததால அதுல இழுபறி இல்ல. ரெண்டாவது வாரம் முடியறதுக்குள்ள 10,600ம் அக்கவுன்ட்ல ஏறுச்சு, திருவனந்தபுரத்துக்கு டிக்கெட்டும் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் கேன்சல் பேப்பர்ல கையெழுத்து.

கம்பெனி ஒத்து வரலன்னா என்ன ஆகும்னு பலரும் கேக்கறாங்க. 50,000 திர்ஹாம் வரைக்கும் உள்ள தகராறுல அமைச்சகமே தீர்ப்பு மாதிரி முடிவு சொல்லலாம், 2024 ஜனவரியில இருந்து அந்த அதிகாரம் வந்திருக்கு, அதை வச்சு நேரா வசூல் பண்ணலாம். பிடிக்கலன்னா யாரா இருந்தாலும் 15 வேலை நாளுக்குள்ள முதல் நிலை கோர்ட்டுக்குப் போகணும். அதுக்கு மேல தொகைன்னா சமரசம் ஆகாதப்ப கேஸ் கோர்ட்டுக்குப் போகும், 1 லட்சம் திர்ஹாம் வரைக்கும் தொழிலாளிக்குக் கோர்ட் ஃபீஸ் இல்ல. நம்ம சைட் ஆளுங்க கேஸ் பெரும்பாலும் 50,000க்குள்ளதான் வரும், அதனால கோர்ட்னு கேட்டதும் பயந்து விட்டுக் கொடுக்க வேண்டியதில்ல. ஃப்ரீ ஜோன் கம்பெனியா இருந்தா முதல்ல அந்த ஃப்ரீ ஜோன் ஆபீஸ்ல கேக்கணும். வீட்டு வேலை, ஹவுஸ் டிரைவர் விசாவுக்குத் தனிச் சட்டம், நான் மேல போட்ட கணக்கு அவங்களுக்குப் பொருந்தாது.

பேங்க்ல லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருக்கறவங்க ஒன்னு கவனிங்க, செட்டில்மென்ட் ஏறினதும் பேங்க் அதைப் பிடிச்சு வச்சுக்கும், எடுக்க விடாது. ஊருக்குக் கிளம்பற வாரத்துல போய் நின்னா ஒன்னும் ஆகாது, முன்னாடியே பேங்க்ல பேசி எவ்வளவு பாக்கின்னு எழுத்துல வாங்கிடணும்.

ஏற்கனவே ஊருக்கு வந்துட்டவங்களுக்கு வழி இல்லாம இல்ல, நீளமான வழி. வேலை முடிஞ்ச நாள்ல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள க்ளெய்ம் பண்ணணும், முன்னாடி ஒரு வருசமா இருந்தது, 2024ல மாத்தினாங்க. நாம அங்க இல்லாததால நம்பகமான ஒருத்தருக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கணும். நோட்டரி பண்ணி, மாநில அரசு அட்டெஸ்டேஷன் வாங்கி, நம்ம வெளியுறவுத் துறை முத்திரை, அப்புறம் இந்தியாவுல இருக்கற எமிரேட்ஸ் தூதரகம், அங்க போனதும் அவங்க வெளியுறவு அமைச்சக முத்திரை, கடைசியா அரபி மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்னுக்கும் காசு ஆகும், ரெண்டாயிரம் மூவாயிரம் திர்ஹாம் பாக்கிக்கு இது கட்டுமான்னு யோசிச்சுத்தான் இறங்கணும். அதுக்கு முன்னாடி காசு இல்லாம ரெண்டு விசயம் பண்ணிப் பாக்கலாம். ஒன்னு, இந்திய வெளியுறவுத் துறையோட `MADAD` தளத்துல புகார், அது துபாய் துணைத் தூதரகத்துக்குப் போகும், அவங்க கம்பெனிக்கு எழுதுவாங்க, கட்டாயப்படுத்த அவங்களுக்கு அதிகாரம் கிடையாது ஆனா பல கம்பெனி தூதரகத்துக் கடிதம் வந்தா இறங்கி வரும். இன்னொன்னு, சென்னையில இருக்கற அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, அங்க மனு கொடுத்தா அவங்களும் தூதரகத்துக்கு அனுப்புவாங்க. அங்கேயே இன்னும் இருக்கறவங்க துபாய்ல பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா 80046342க்கு ஃபோன் பண்ணலாம், இலவசம், சட்ட ஆலோசனையும் கிடைக்கும்.

இது எதுக்குப் போனாலும் கேக்கறது அதே பேப்பருங்கதான்: கான்ட்ராக்ட் காப்பி, லேபர் கார்டு நம்பர், விசா பக்கம், கேன்சல் பேப்பர் காப்பி, கடைசி ஒரு வருச பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி கொடுத்த கணக்கு விவரம். விசா கேன்சல் ஆனதும் எமிரேட்ஸ் ஐடி வேலை செய்யாது, அங்க ரோமிங் போடாத சிம்மும் செத்துடும், ஓடிபி வராது, ஆப் உள்ளயே போக முடியாது. அதனால இதெல்லாம் ஏர்போர்ட் போறதுக்கு முந்தியே டவுன்லோட் பண்ணி ஊர்ல ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுடுங்க.